இரண்டு லைசென்சு, இரண்டு கெடு: பெங்களூர் சாப்பாட்டுக் கடைகள் கவனிக்க வேண்டியவை

பெங்களூரில் ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜி நகர், பானசவாடி என்று தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் சிறு மெஸ்களுக்கும் சிற்றுண்டிக் கடைகளுக்கும் குறைவில்லை. தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்தவர்கள் இருபது, முப்பது நாற்காலிகளைப் போட்டு, ஐந்தாறு பேரை வேலைக்கு வைத்து நடத்தும் கடைகள் இவை. சமையல் தெரிந்த முதலாளிகளுக்குக் காகிதம் தெரிவதில்லை. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு நோட்டீசு வந்தால், பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவைத் தேடிப் போகிறார்கள். அவரும் "பணம் கட்டச் சொல்லியிருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு சிறு கடைக்கு லைசென்சுக் கட்டணம் பெரிய சுமையல்ல. கெடு தவறியதற்குக் கட்டும் அபராதமும், நோட்டீசைப் படிக்காமல் விட்டதனால் கடை மூடிக்கிடக்கும் நாட்களுமே உண்மையான சுமை. கட்டணப் பட்டியலையும் ஆய்வு நோட்டீசையும் எப்படிப் படிப்பது என்று ஒரு முறை தெரிந்துகொண்டால் இந்த நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

ஒன்றல்ல, இரண்டு

முதலில் தெளிய வேண்டியது, சாப்பாட்டுக் கடைக்கு லைசென்சு ஒன்றல்ல என்பது. ஒன்று மாநகராட்சி தரும் தொழில் உரிமம். 'டிரேடு லைசென்சு' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். குறிப்பிட்ட கட்டடத்தில், குறிப்பிட்ட தொழிலை நடத்தலாம் என்பதற்கான அனுமதி அது. குடியிருப்புப் பகுதியா, சாலை போதுமான அகலம் உள்ளதா, குப்பை எங்கே போகிறது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு உண்டா என்பவை மாநகராட்சியின் கவலைகள்.

மற்றொன்று உணவு உரிமம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் வருவது. அதற்கான லைசென்சு விதிகள் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கு வந்தன. தண்ணீர் சுத்தமா, சமைப்பவர்களுக்கு நோய் இல்லையா, சமைத்த பண்டம் எப்படி வைக்கப்படுகிறது என்பவை இச்சட்டத்தின் கவலைகள். இதை வழங்குவது மாநகராட்சி அல்ல. மாநில அரசின் உணவுப் பாதுகாப்புத் துறை. விண்ணப்பமும் பணமும் மத்திய ஆணையத்தின் foscos.fssai.gov.in என்ற தளத்தின் வழியாகப் போகின்றன.

ஒன்றை வைத்திருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகிவிடாது. ஒன்றுக்குக் கட்டிய பணம் மற்றொன்றில் வரவாகாது. இரண்டின் கெடுவும் வேறு. இந்த ஒரு விஷயம் புரியாததனால்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

மாநகராட்சியின் கணக்கு

பெங்களூரில் தொழில் உரிமம் நிதியாண்டை ஒட்டியது. எந்த மாதத்தில் வாங்கியிருந்தாலும் மார்ச் 31 அன்று முடிந்துவிடும். நவம்பரில் புதிதாக உரிமம் எடுத்தவர் 'அடுத்த நவம்பர் வரை கவலையில்லை' என்று இருந்தால் ஏமாந்துபோவார். ஐந்து மாதங்களிலேயே அவர் புதுப்பித்தாக வேண்டும்.

கட்டணப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது தொழிலின் வகை. காபி, டீ மட்டும் விற்கும் கடை ஒரு வரியில் இருக்கும். உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் வேறு வரியில் இருக்கும். அடுத்தது மின்சார மோட்டார்களின் குதிரைத்திறன். மாவு அரைக்கும் கிரைண்டர், புகைபோக்கி விசிறி ஆகியவற்றின் திறனைக் கூட்டி எழுத வேண்டும். பழைய விண்ணப்பத்தில் ஒரு குதிரைத்திறன் என்று எழுதியிருக்க, கடையில் மூன்று குதிரைத்திறன் ஓடிக்கொண்டிருந்தால், ஆய்வுக்கு வரும் சுகாதார ஆய்வாளருக்கு அது ஒரு பிடி. புதிய கிரைண்டர் வாங்கியவர்கள், அடுத்த புதுப்பித்தலின்போது அதைச் சேர்த்துக் காட்டிவிடுவதே நல்லது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் கால அட்டவணை. பெங்களூர் மாநகராட்சி பின்பற்றி வந்த முறையில், பிப்ரவரி மாதத்திற்குள் கட்டியவர்களுக்கு அபராதம் இல்லை. மார்ச்சில் கட்டினால் கட்டணத்தில் கால் பங்கு அபராதம். ஏப்ரல் பிறந்துவிட்டால் கட்டணம் எவ்வளவோ அவ்வளவு அபராதம். ஒரு கடையின் ஆண்டுக் கட்டணம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் 4,000, மார்ச்சில் 5,000, ஏப்ரலில் 8,000. 'மார்ச் 31 வரை செல்லும்' என்று உரிமத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்து, மார்ச் கடைசி வாரத்தில் கட்டப் போகிறவர், கெடுவுக்குள் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டே ஆயிரம் ரூபாயை இழக்கிறார். உரிமம் முடியும் தேதி வேறு. அபராதமின்றிக் கட்டும் தேதி வேறு. ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் அறிவிப்பில் இந்த இரண்டாவது தேதியைத்தான் தேட வேண்டும்.

இதில் அண்மையில் ஒரு மாற்றமும் ஏற்பட்டிருக்கிறது. பழைய பெங்களூர் மாநகராட்சி இப்போது இல்லை. 2024-ஆம் ஆண்டின் கிரேட்டர் பெங்களூர் ஆட்சிச் சட்டம் 2025 மே 15-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2025 செப்டம்பர் 2 அன்று மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகள் அமைந்தன. பழைய பெயர் அச்சிட்ட உரிமத்தை வைத்திருப்பவர்கள், தங்கள் கடை எந்த மாநகராட்சியில் சேர்ந்திருக்கிறது என்பதை அறிந்து, அந்த எல்லையின் சுகாதார அலுவலகத்தையே அணுக வேண்டும். சாலையின் இந்தப் பக்கம் ஒரு மாநகராட்சி, அந்தப் பக்கம் வேறு என்று இருக்கக்கூடிய இடங்களில், பக்கத்துக் கடைக்காரர் போன அலுவலகத்திற்கே போவது பயன் தராது.

பெயர்ப் பலகையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2024-ல் கர்நாடக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும். அது பலகையின் மேல் பகுதியில் வர வேண்டும். பத்தடிக்கு மூன்றடிப் பலகை என்றால் 30 சதுர அடியில் 18 சதுர அடி கன்னடத்துக்குப் போக வேண்டும். மீதியில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தடையில்லை. 2024 தொடக்கத்தில் மாநகராட்சி இதைத் தொழில் உரிமத்தோடு இணைத்து, மீறிய கடைகளுக்கு நோட்டீசு கொடுத்தது. ஆகவே பலகையில் உள்ள குறை உரிமத்தையே பாதிக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

உணவு உரிமத்தின் கணக்கு

உணவு உரிமத்திற்கு மார்ச் 31 என்ற பொதுக் கெடு கிடையாது. ஒவ்வொரு கடைக்கும் அதன் சொந்தத் தேதி உண்டு. 2011 விதிகள் வகுத்த பட்டியலில் மூன்று படிகள் இருந்தன. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வியாபாரிக்கு லைசென்சு வேண்டாம், பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேற்பட்ட உணவகங்களுக்கு மாநில லைசென்சு. கட்டணம் ஆண்டுக்கு 2,000 ரூபாய். மிகப் பெரிய நிறுவனங்களுக்கு மத்திய லைசென்சு; கட்டணம் 7,500 ரூபாய். கையில் இருப்பது எது என்பதை 14 இலக்க எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். எண் 1-ல் தொடங்கினால் லைசென்சு, 2-ல் தொடங்கினால் பதிவு.

பட்டியலைப் படிக்கும்போது 'விற்றுமுதல்' என்ற சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். இதை லாபம் என்று எண்ணிக்கொண்டு, "எனக்கு வருடத்தில் நாலு லட்சம்தான் நிற்கிறது" என்று பதிவோடு நின்றுவிடுகிறார்கள். விற்றுமுதல் என்பது கல்லாவில் விழுந்த மொத்தப் பணம். அரிசி, எரிவாயு, கூலி, வாடகை எதையும் கழிக்கக் கூடாது. நாளுக்கு 3,300 ரூபாய் விற்பனை என்றால் 365 நாளில் 12 லட்சத்தைத் தாண்டிவிடும். முப்பது சாப்பாடும் காலைச் சிற்றுண்டியும் போடும் எந்தக் கடையும் இதைத் தாண்டியிருக்கும்.

முன்பு இதை யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. இப்போது வாடிக்கையாளர்கள் கைப்பேசியில் கோடுக் கட்டத்தைக் காட்டிப் பணம் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் பதிவு இருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, இந்தக் கைப்பேசிப் பணவரவை வைத்தே சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீசு அனுப்பியதும், பெங்களூரில் கடைக்காரர்கள் கொதித்தெழுந்ததும் நினைவிருக்கலாம். அது வரி விவகாரம். உணவு உரிமம் அல்ல. ஆயினும் பாடம் ஒன்றே. ஓர் அலுவலகத்தில் ஒரு தொகையும் மற்றோர் அலுவலகத்தில் வேறொரு தொகையும் எழுதிக் கொடுக்கும் காலம் போய்விட்டது.

விற்றுமுதல் வரம்பு, கட்டணம், உரிமக் காலம் ஆகியவை நிலையான எண்கள் அல்ல. ஆணையம் அவற்றைத் திருத்த அறிவிப்புகளால் மாற்றும் அதிகாரம் பெற்றது. ஆகவே சென்ற முறை கட்டிய ரசீதைப் பார்த்து இந்த முறை கட்டக் கூடாது. விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் எந்தப் பட்டியல் இருக்கிறதோ அதுதான் செல்லும். தன் விற்றுமுதல் எந்தப் படியில் விழுகிறது என்று அன்று புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கடையின் கணக்கு

ஒரு கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 24 நாற்காலி, ஆறு வேலையாட்கள். நாள் விற்பனை சராசரி 9,000 ரூபாய். மாதம் 26 நாள். ஆண்டு விற்றுமுதல் 28 லட்சத்து 8 ஆயிரம். 12 லட்சத்துக்கு மேல் என்பதால் மாநில லைசென்சு. 2022 ஜூலை 15-ல் மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தது. கட்டணம் 6,000 ரூபாய். முடியும் தேதி 2025 ஜூலை 14.

முதலாளி 2025 பிப்ரவரியில் மாநகராட்சிக்குப் பணம் கட்டினார். ரசீதைச் சுவரில் மாட்டினார். 'லைசென்சு வேலை முடிந்தது' என்று நிம்மதியாக இருந்துவிட்டார்.

அப்போது இருந்த விதிப்படி, உணவு உரிமத்தைப் புதுப்பிக்க, முடியும் தேதிக்கு 30 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அதாவது ஜூன் 14-க்குள். அதன்பின் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். ஜூன் 29-ல் விண்ணப்பித்திருந்தால் 15 நாளுக்கு 1,500 ரூபாயோடு போயிருக்கும்.

ஜூலை 14-ம் தாண்டிவிட்டால் கணக்கு வேறு. முடிந்த பின் 90 நாள் வரை ஆண்டுக் கட்டணத்தைப் போல் மூன்று மடங்கு அபராதம். 91 முதல் 180 நாள் வரை ஐந்து மடங்கு. அதன்பின் புதுப்பிக்கவே முடியாது. புது உரிமத்துக்கு முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். நமது கடைக்காரருக்கு நினைவு வந்தது ஆகஸ்டு 20 அன்று. முடிந்து 37-ஆம் நாள். ஓர் ஆண்டுக்கு 2,000, அபராதம் 6,000, ஆக 8,000 ரூபாய். இரண்டு மாதங்களுக்கு முன் 2,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து அந்த 37 நாட்களில் இருக்கிறது. சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி உரிமமின்றி உணவுத் தொழில் நடத்தக் கூடாது. நடத்தினால் 63-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. பின்னால் அபராதம் கட்டிப் புதுப்பித்தாலும், இடைப்பட்ட நாட்களில் ஆய்வாளர் வந்திருந்தால், அன்று கடைக்கு உரிமம் இல்லை என்பதுதான் உண்மை. சுவரில் தொங்கும் மாநகராட்சி ரசீது அங்கே உதவாது.

மூன்று விதக் காகிதம்

அடுத்தது ஆய்வு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வந்து போன பிறகு கைக்கு வரும் காகிதங்கள் எல்லாம் ஒன்றல்ல. எது எது என்று பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, ஆய்வுப் பட்டியல். கேள்விகள் வரிசையாக இருக்கும். எதிரே 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை' என்பதற்கான கட்டங்களும் மதிப்பெண்ணும் இருக்கும். சில கேள்விகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அதைத் தவற விடக் கூடாது. நட்சத்திரமிட்ட கேள்விக்கு மதிப்பு அதிகம். அதில் ஒன்றில் தவறினாலும், மற்றவற்றில் நல்ல மதிப்பெண் பெற்ற கடையும் தேறாமல் போகலாம். சமையலுக்குப் பயன்படும் தண்ணீர் குடிநீர்த் தரம் உடையதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கப்பட்டதா, அதற்கு ஆவணம் உண்டா என்பது அத்தகைய கேள்வி. பளிங்குத் தரை போட்டுச் சுவருக்கு வர்ணம் அடித்த கடையும், தண்ணீர்ச் சோதனைச் சீட்டு இல்லாவிட்டால் இதில் அடிபடும்.

இரண்டாவது, 32-ஆம் பிரிவின் கீழ் வரும் திருத்த நோட்டீசு. இதுதான் முக்கியமானது. ஆய்வுக்கு வந்தவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்றாலும், இதில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு மேலுள்ள நியமன அலுவலருக்கே உண்டு. சட்டப்படி இதில் நான்கு அம்சங்கள் இருந்தாக வேண்டும். எந்தக் காரணத்தினால் விதி மீறப்பட்டதாக நம்புகிறார், மீறல் எது, அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும். அந்த நாட்கள் 14-க்குக் குறையக் கூடாது. "மூன்று நாளில் சரிசெய்" என்று யாராவது வாய்மொழியாக மிரட்டினால், அது திருத்த நோட்டீசு ஆகாது.

மூன்றாவது, உரிமத்தை நிறுத்தி வைக்கும் உத்தரவு. திருத்த நோட்டீசைக் கவனிக்காமல் விட்டால் வருவது. பொதுமக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து உடனடியாகவும் நிறுத்தி வைக்கலாம். இந்த உத்தரவு வந்தபின் அடுப்பு எரியக் கூடாது.

எனவே நோட்டீசைக் கையில் வாங்கியதும் குமாஸ்தா முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: தலைப்பில் எந்தப் பிரிவு எண், அடியில் யார் கையெழுத்து, நடுவில் எத்தனை நாள் அவகாசம். நோட்டீசு கன்னடத்தில் இருந்தாலும் எண்களையும் தேதிகளையும் அடையாளம் காண்பது கடினமல்ல. கைக்கு வந்த தேதியை நோட்டீசின் மேலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இனி வரும் கணக்கெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான்.

அப்பீல் கெடு முந்துகிறது

நமது எடுத்துக்காட்டுக் கடைக்கு 2025 செப்டம்பர் 10 அன்று 32-ஆம் பிரிவு நோட்டீசு வந்தது; 30 நாள் அவகாசம், அதாவது அக்டோபர் 10 வரை என்று வைத்துக்கொள்வோம். குறைகள் நான்கு. தண்ணீர்ச் சோதனைச் சீட்டு இல்லை. ஆறு பேரில் இருவருக்கு மருத்துவச் சான்று இல்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் சாக்கடைக்கு மூடி இல்லை. அசைவத்துக்குத் தனி வெட்டுப்பலகை இல்லை. கடையோ சைவக் கடை. நான்காவது குறை பொருந்தவே பொருந்தாது.

முதலாளி என்ன நினைப்பார்? '30 நாள் இருக்கிறது. மூன்றையும் சரிசெய்துவிட்டு, நான்காவதை அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம்' என்றுதான் நினைப்பார். இங்கேதான் சட்டம் அவரைக் கைவிடுகிறது. திருத்த நோட்டீசை எதிர்த்து மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் அப்பீல் செய்யலாம். ஆனால் அதற்குக் காலம் 15 நாள், அல்லது நோட்டீசில் தந்த அவகாசம், இரண்டில் எது முன்னதாக முடிகிறதோ அது. நோட்டீசு 14 நாள் தந்தால் அப்பீலுக்கும் 14 நாள்தான். 30 நாள் தந்தாலும் அப்பீலுக்கு 15 நாள்தான். வேலைக்கு அக்டோபர் 10 வரை காலம் இருக்கிறது; அப்பீல் வாசல் செப்டம்பர் 25 அன்றே மூடிவிடும். ஆணையரின் முடிவே இறுதியானது என்பதால், இந்த வாசலைத் தவற விடுவது சிறிய விஷயமல்ல.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது, குறைகளை இரண்டாகப் பிரிப்பது. ஒப்புக்கொள்ளும் குறைகள் ஒருபுறம், ஒப்புக்கொள்ளாதவை மறுபுறம். ஒப்புக்கொள்ளாததற்கு உடனே பதில் எழுத வேண்டும். உரிமத்தில் சைவ உணவகம் என்று இருப்பதைக் காட்டி விளக்கம் கொடுத்தாலே பல சமயம் நியமன அலுவலர் அந்த வரியை நீக்கிவிடுவார். அவர் மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ, 15-ஆம் நாளுக்கு முன்பாக அப்பீல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எது முதல் வேலை?

ஒப்புக்கொண்ட மூன்று குறைகளில் எதை முதலில் எடுப்பது? கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் சாக்கடை மூடியைத்தான் முதலில் போடுகிறார்கள். அது ஒரு நாள் வேலை. கொத்தனாரை வார விடுமுறையன்று கூப்பிட்டால் முடிந்துவிடும். ஆனால் தண்ணீர்ச் சோதனை நம் கையில் இல்லை. அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் மாதிரி கொடுத்து, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்தப்படுத்திய புட்டியில்தான் மாதிரி எடுக்க வேண்டும்; பழைய சோடாப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனால் புட்டியின் அழுக்கு தண்ணீரின் அழுக்காகிவிடும். முடிவு பாதகமாக வந்தால், தொட்டியைக் கழுவி மருந்திட்டு மறுபடி சோதிக்க நாள் வேண்டும். ஆகவே நோட்டீசு வந்த மறுநாளே சோதனைச் சாலைக்குப் போவதுதான் முறை.

மருத்துவச் சான்று அடுத்தது. உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. பாத்திரம் கழுவுபவரும், இலை போடுபவரும் இதில் சேர்ந்தவர்களே. ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பையனுக்குச் சான்று இருக்காது. ஆட்கள் அடிக்கடி மாறும் கடைகளில் இந்தக் குறை திரும்பத் திரும்ப எழுதப்படுவது இதனால்தான். வேலையில் சேரும் நாளிலேயே பரிசோதனைக்கு அனுப்பி, சான்றுகளை ஒரே கோப்பில் வைத்தால் இது தீரும். செலவை வேலையாளின் கூலியில் பிடிக்காமல் முதலாளி ஏற்பதே நியாயம். சான்று கடையின் உரிமத்தைக் காப்பாற்றுவதற்குத்தானே!

முடித்தபின் பதில் கடிதம். நோட்டீசில் குறைகள் எந்த எண்ணில் இருக்கின்றனவோ அதே எண்ணில் பதிலும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்த வேலை, தேதி, இணைத்த சான்று. சாக்கடை மூடிக்கு முன்னும் பின்னும் எடுத்த படம். நகல் ஒன்றில் அலுவலக முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். "எல்லாம் சரிசெய்துவிட்டோம்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுப்பதும், எழுதாமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேலை நம் கையில் இல்லாவிட்டால், எடுத்துக்காட்டாக, குழாய் மாற்ற வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டியிருந்தால், அவகாசம் முடிவதற்கு முன்பே எழுத்தில் கூடுதல் நாள் கேட்க வேண்டும். முடிந்தபின் கேட்பது விண்ணப்பமாகாது, சாக்காகிவிடும்.

மூடினால் யாருக்கு நஷ்டம்?

பதில் கொடுக்காமல் விட்டு, உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டால் என்ன ஆகும்? விதிப்படி, மறு ஆய்வு நிறுத்தி வைத்த நாளிலிருந்து 14 நாளுக்குக் குறையாத காலத்துக்குப் பிறகே நடக்கும். ஆக, குறைந்தது இரண்டு வாரம் கதவு அடைப்பு. நமது கடையில் ஆறு பேருக்குச் சராசரி நாட்கூலி 600 ரூபாய் என்றால், 14 நாளுக்கு 50,400 ரூபாய் கூலி போகிறது. முதலாளிக்கு வாடகை நிற்காது. மாதச் சாப்பாடு சாப்பிட்டு வந்த தொழிலாளர்கள் வேறு மெஸ்ஸைத் தேடிப் போய்விடுவார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை.

அதற்குப் பிறகும் கவனிக்காவிட்டால், காரணம் கேட்டு நோட்டீசு கொடுத்து உரிமத்தை ரத்து செய்யலாம். ரத்தானால் மூன்று மாதம் கழித்துத்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும். கட்டிய கட்டணம் திரும்ப வராது. நஷ்ட ஈடும் கேட்க முடியாது. தண்ணீர்ச் சோதனைச் சீட்டு ஒன்று இல்லாத குறை, கவனிக்காமல் விட்டால், மூன்று மாதம் மூடிய கடையாக முடியக்கூடும்.

இந்தப் பயத்தைப் பயன்படுத்திப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். பதிவுக்கும் லைசென்சுக்கும் அரசுக் கட்டணத்தைப் போல் பல மடங்கு கேட்கும் இடைத்தரகர்கள் உண்டு. அரசுத் தளத்தைப் போன்ற தோற்றத்தில் தனியார் தளங்களும் உண்டு. அங்கே கட்டும் பணத்தில் பெரும்பகுதி சேவைக் கட்டணமாகவே போய்விடும். அரசுக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொண்டவரிடம் இவர்களின் ஜம்பம் பலிப்பதில்லை. பணம் கட்டிய ரசீதில் உரிம எண்ணும், எத்தனை ஆண்டுக்கு என்பதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வின்போது கையில் யாராவது பணம் கேட்டால், அதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

சட்டத்தில் குறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரே கடையின் ஒரே அடுப்புக்கு இரண்டு அலுவலகம், இரண்டு தேதி, இரண்டு ஆய்வு என்பது சிறு வியாபாரிக்குச் சுமைதான். அப்பீல் காலத்தை, திருத்த அவகாசத்தைவிடக் குறைவாக வைத்து, அதையும் நோட்டீசில் கொட்டை எழுத்தில் சொல்லாமல் விடுவது நியாயமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு திருத்த நோட்டீசிலும் 'அப்பீலுக்குக் கடைசி நாள் இது' என்று ஒரு வரி சேர்ப்பதற்கு அரசுக்குச் செலவு ஒன்றுமில்லை. சிறு உணவகங்களின் சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கைகளில் இது முதலாவது.

அந்த வரி வரும்வரை, அதைக் கடைக்காரர்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். கல்லாவுக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில் மூன்று தேதிகளுக்கு வட்டமிட்டால் போதும். மாநகராட்சிக்கு அபராதமின்றிக் கட்டும் கடைசி நாள் ஒன்று. உணவு உரிமத்துக்குப் பணமோ காகிதமோ செலுத்த வேண்டிய கடைசி நாள் ஒன்று. தண்ணீரை அடுத்து சோதிக்க வேண்டிய நாள் ஒன்று. நோட்டீசு ஏதாவது வந்தால் நான்காவதாக ஒரு வட்டம் சேரும். அது நோட்டீசு தந்த கடைசி நாளுக்கு அல்ல, கைக்கு வந்ததிலிருந்து 15-ஆம் நாளுக்கு, அல்லது நோட்டீசின் கெடு அதற்கு முந்தினால் அந்த நாளுக்கு.